ஜன்னல் இல்லாத குளியலறையில் செடி எத்தனை நாள் தாங்கும்?

கோலாலம்பூர்: செடிக் கடையில் ஆசையாக வாங்கி வந்த பெரணி, குளியலறையில் வைத்த மூன்றே வாரத்தில் பழுத்துக் கொட்டிவிட்டது என்று வருத்தப்படும் குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் வரை நிறைய உண்டு. “ஈரப்பசையை விரும்பும் செடி, குளியலறைக்குப் பொருத்தம்” என்று சொல்லித்தான் அதை விற்றிருப்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி வெளிச்சம்.

ஜன்னல் இல்லாத குளியலறையில், தனியாக விளக்கு வைக்காத வரை, எந்தச் செடியும் நிரந்தரமாக வாழாது. சில செடிகள் மூன்று வாரத்தில் போகும். சில ஆறு மாதம் வரை இழுத்துப் பிடிக்கும். இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தச் செடியை வாங்குவது, எத்தனை நாள் உள்ளே வைப்பது என்று நாமே முடிவு செய்யலாம்.

ஜன்னல் எங்கே போனது?

நம் நாட்டில் கட்டடங்களுக்கான ஒருமித்த கட்டட உபவிதிகள் 1984-இல் வந்தன. அதன் 39-ஆவது விதி, ஒவ்வொரு குளியலறைக்கும் கழிவறைக்கும் இயற்கை வெளிச்சமும் காற்றும் வரக் குறைந்தது 0.2 சதுர மீட்டர் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் காற்றை வெளியே இழுக்கும் விசிறி போன்ற இயந்திர வசதி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டால், இந்த நிபந்தனையைத் தளர்த்த 41-ஆவது விதி இடம் தருகிறது. அடுக்குமாடிகளில் படுக்கையறைகளுக்கு நடுவே, நான்கு பக்கமும் சுவராக, விசிறியை மட்டும் நம்பி இருக்கும் குளியலறைகள் இப்படி வந்தவைதான்.

தரை வீடுகளில் கதை சற்று வேறு. கிள்ளான் வட்டார வரிசை வீடுகள் பலவற்றில், நடுக் குளியலறைக்கு வெளிச்சம் வர ஏர் வெல் எனப்படும் திறந்தவெளி விடப்பட்டிருக்கும். வீட்டைப் பெரிதாக்கும்போது அதன்மேல் கூரை போட்டுவிடுகிறோம். ஜன்னல் இருக்கும், வெளிச்சம் இருக்காது. செடியைப் பொறுத்தவரை அதுவும் ஜன்னல் இல்லாத அறையே.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. லயத்து வீடுகளின் பின்புறம், குழாயடியிலும் குளிக்கும் இடத்துச் சுவரிலும் யாரும் நடாமலே பெரணி முளைத்து நிற்கும். செம்பனை மரத்தின் அடித்தண்டு முழுவதும் அது தொங்கும். ஈரம் இருந்ததால் வளர்ந்தது என்று நினைத்துப் பழகிவிட்டோம். அங்கே ஈரத்தோடு நாள் முழுவதும் பகல் வெளிச்சமும் கூடவே இருந்தது என்பது நம் கண்ணில் படவில்லை.

ஈரத்துக்கு இங்கே பஞ்சமில்லை

குளியலறைக்கு ஏற்ற செடிகள் என்று சுற்றிவரும் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்துபோகும். நம் மழைக்காட்டுச் செடிகளின் இலை நுனி அந்தக் காற்றில் கருகும். வீட்டிலேயே ஈரமான இடம் குளியலறைதான் என்பதால், அதன் ஜன்னலோரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். ஜன்னல் இருப்பதை அவர்கள் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறார்கள்.

கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. குளிர்சாதனம் நாள் முழுக்க ஓடாத எந்த வரவேற்பறையிலும், எந்தப் பால்கனியிலும் பெரணிக்குத் தேவையான ஈரம் கிடைக்கிறது. ஆகவே இங்கே குளியலறை செடிக்குத் தரும் கூடுதல் நன்மை என்று ஒன்றும் இல்லை. வெளிச்சத்தை மட்டும் அது பறித்துக்கொள்கிறது.

ஒரு வீட்டின் வெளிச்சக் கணக்கு

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவு என்றாலும், ஓர் இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிட அது போதும். கைப்பேசியைச் செடி இருக்கும் உயரத்தில், முகப்பு மேலே பார்க்கும்படி வைத்து அளக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் சாதாரணக் குளியலறையை எடுத்துக்கொள்வோம். கூரையில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, அதற்கு ஒன்றரை மீட்டர் கீழே, கை கழுவும் தொட்டியோரம் ஒரு செடி. வெள்ளை ஓடுகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் சேர்த்தால் அங்கே சுமார் 100 லக்ஸ் கிடைக்கும். வீட்டார் எல்லோரும் குளித்து முடிக்க, விளக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் எரிகிறது என்று வைப்போம். 100-ஐ 2-ஆல் பெருக்கினால் 200. இதுவே அந்தச் செடியின் ஒரு நாள் வருமானம்.

செலவு எவ்வளவு? மிகக் குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கும் வீட்டுச் செடிக்கும், வளராவிட்டாலும் தேயாமல் இருக்க, சுமார் 300 லக்ஸ் வெளிச்சம் 12 மணி நேரம் தேவை. பெருக்கினால் 3,600. வரவு 200, செலவு 3,600. பதினெட்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. விளக்கை அணைக்காமல் 12 மணி நேரம் எரியவிட்டாலும் 1,200-தான் வரும். அப்போதும் மூன்றில் ஒரு பங்கே.

நம் கண்ணுக்கு இது தெரியாது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால், குளியலறை நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. உச்சி வெயிலில் திறந்தவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். அடர்ந்த காட்டின் தரைக்கு அதில் ஒன்றிரண்டு விழுக்காடு, அதாவது ஆயிரம் முதல் இரண்டாயிரம் லக்ஸ் வந்து சேர்கிறது. அந்தக் காட்டின் தரையும் நம் குளியலறையைவிடப் பத்து மடங்கு வெளிச்சமானது.

நீல இலை சொல்லும் பாடம்

நிழலில் வாழவே பிறந்த செடிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, நம் நாட்டிலேயே இருக்கின்றன. காட்டோரப் பாதைகளிலும் நிழலான மண் சரிவுகளிலும், மயில் கழுத்து நீலத்தில் மினுக்கும் பெரணி போன்ற ஒரு செடியைச் சிலர் பார்த்திருக்கக்கூடும். மலாயில் அதைப் பாக்கு மெராக் என்பார்கள். அறிவியல் பெயர் செலாஜினெல்லா வில்டெனோவி. ஆழ்ந்த நிழலில் இருக்கும்போதுதான் அது நீலமாக இருக்கும். வெயில் படும் இடத்தில் வெறும் பச்சையாகிவிடும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ, லௌரி ஆகிய இருவரும் இந்த நீலத்தை ஆராய்ந்து, 1975-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அது சாயம் அல்ல. இலையின் மேற்பரப்பில் உள்ள மிக மெல்லிய படலங்கள் வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டும் தோற்றம், சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதைப் போல. நிழலுக்குத் தன் உடலமைப்பையே மாற்றிக்கொண்ட செடி அது. ஆனாலும் அது வாழ்வது காட்டின் நிழலில், இருட்டில் அல்ல. நிழல் விரும்பும் செடி என்றால் வெளிச்சம் வேண்டாத செடி என்று பொருள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

யார் எத்தனை நாள்?

வருமானம் நின்றுபோன குடும்பம் சேமிப்பை எடுத்துச் செலவழிப்பதைப் போலவே, இருட்டில் இருக்கும் செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தை எடுத்து உயிர் வாழ்கிறது. எனவே ஒரு செடி எத்தனை நாள் தாங்கும் என்பது அதன் சேமிப்பு எவ்வளவு, அன்றாடச் செலவு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன குளியலறை போன்ற இடத்தில், தோராயமான கணக்கு இப்படி அமையும்.

மெல்லிய இலையும் மெல்லிய வேரும் கொண்ட பெரணிகளுக்குச் சேமிப்பே கிடையாது. அவை இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிரத் தொடங்கும். கோடு போட்ட அழகான இலை கொண்ட கெலாத்தியா நான்கு முதல் ஆறு வாரம் தாங்கும். வெள்ளைப் பூப் பூக்கும் பீஸ் லில்லி இரண்டு மாதம் வரை நிற்கும், ஆனால் பூக்காது. மணி பிளாண்ட்டும் அக்லோனிமாவும் தண்டில் கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பதால் இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். தடித்த இலையும் மண்ணுக்கடியில் தடித்த தண்டும் உள்ள பாம்புச் செடி, அதாவது மலாய்க்காரர்கள் லீடா ஜின் என்று அழைப்பது, நான்கைந்து மாதம் தாங்கும். பட்டியலின் கடைசியில் நிற்பது ஸீஸீ செடி. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதற்கு மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கு இருக்கிறது. இது ஆறு மாதமும் அதற்கு மேலும் அசையாமல் நிற்கும்.

குளிர் நாட்டார் சொல்லும் கணக்கு இதைவிட நீளமாக இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. செடியின் அன்றாடச் செலவு வெப்பத்தோடு கூடுகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அலங்காரச் செடிகளைக் கப்பலில் இருட்டுப் பெட்டிக்குள் இரண்டு மூன்று வாரம் அனுப்பும் வணிகர்கள், பெட்டியை 13 முதல் 18 டிகிரிக்குள் குளிராக வைப்பது இதனால்தான். நம் குளியலறையின் 28, 30 டிகிரியில் அதே செடியின் சேமிப்பு இரு மடங்கு வேகத்தில் கரைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸீஸீயும் பாம்புச் செடியும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்பதைப் பார்த்து, “இதற்கு வெளிச்சமே வேண்டாம்” என்று முடிவு செய்துவிடுகிறோம். அது வாழ்வதில்லை, மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. புதிய துளிர் வெளிறி, நூல்போல நீண்டு வளைந்து வந்தால் சேமிப்பு குறைகிறது என்று பொருள். மணி பிளாண்ட்டில் இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு நீண்டுகொண்டே போகும். புதிய இலை பழையதைவிடச் சிறியதாக இருக்கும். மஞ்சள் திட்டுகள் மறைந்து வெறும் பச்சையாகும். கீழ் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுப்பது அடுத்த கட்டம். பாம்புச் செடி இப்படி எதையும் காட்டாமலே, ஒரு நாள் அடி அழுகிச் சாய்ந்துவிடும். மாதம் ஒருமுறை அதன் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல இருந்தால் நலம். பஞ்சுபோல அமுங்கினால் காலம் கடந்துவிட்டது.

கொல்வது பெரும்பாலும் தண்ணீர்

இருட்டால் மட்டும் செடி சாவதற்குள், தண்ணீர் அதை முந்திக்கொள்கிறது. வெளிச்சம் இருந்தால்தான் செடி வேரால் நீரை இழுத்து இலை வழியாக வெளியே விடும். இருட்டில் அந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சுற்றியுள்ள காற்றும் ஈரமாக இருப்பதால் மண் காயாது. போதாக்குறைக்குக் குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீரும் சட்டியில் விழுகிறது. நாள் கணக்கில் நனைந்த மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகுகிறது. இலை வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம், கதை முடிந்துவிடுகிறது.

வாடிய செடி காய்ந்ததா, அழுகியதா என்று தெரிந்துகொள்ளச் சட்டியைத் தூக்கிப் பார்த்தால் போதும். இலேசாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். கனமாக இருந்து, மண்ணில் புளித்த வாடை அடித்து, சின்னஞ்சிறு கறுப்புக் கொசுகுகள் பறந்தால் அது வேர் அழுகல். குளியலறையில் இருக்கும் ஸீஸீக்கும் பாம்புச் செடிக்கும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும். மற்றவற்றுக்கு, மண்ணில் ஒரு விரல் ஆழம் காய்ந்த பிறகு மட்டும். கடையில் வாங்கிய மண் களிபோல நீரைப் பிடித்து வைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரித்துண்டோ, கருக்கிய உமியோ கலந்து, ஓட்டை உள்ள சட்டியில் நடுவது நல்லது. கழிவறை கழுவும் திரவம் மண்ணில் தெறிக்காத தூரத்தில் வைப்பதும் முக்கியம்.

இரண்டு வழிகள்

முதல் வழி, செடிக்கென்று தனி விளக்கு. இதற்கு விலை உயர்ந்த ஊதா நிற விளக்கு தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கே போதும். தூரம்தான் முக்கியம். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதே 9 வாட் விளக்கு செடிக்கு 60 சென்டிமீட்டர் மேலே இருந்தால் சுமார் 300 லக்ஸ் தரும். ஸீஸீயும் பாம்புச் செடியும் தேயாமல் நிற்க அது போதும். 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 1,200 லக்ஸைத் தொடும். அப்போது மணி பிளாண்ட், அக்லோனிமா, பெரணி கூட வளரும். இரண்டுக்கும் நாளுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். மாதத்துக்கு மூன்றே கால் யூனிட் மின்சாரம் ஆகும். கட்டணம் ஒன்றரை ரிங்கிட்டைத் தாண்டாது.

ஆனால் வரவேற்பறையிலிருந்து ஒயர் இழுத்துக் குளியலறையில் மேசை விளக்கு வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஈரக் கையும் மின்சாரமும் சேர்ந்தால் உயிர் போகும். நீர் புகாத மூடிய விளக்கை, நீர் தெறிக்காத உயரத்தில், சுவரோடு பொருத்த வேண்டும். சுவிட்சும் டைமரும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த இணைப்புக்கு வாட்டர் ஹீட்டருக்குப் போடுவது போன்ற 10 மில்லியாம்ப் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்வதே முறை. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழியில் செலவே இல்லை. ஒரே மாதிரிச் செடி இரண்டோ மூன்றோ வாங்கி, முறை வைத்து மாற்றுவது. மணி பிளாண்ட், அக்லோனிமா என்றால் மூன்று சட்டி. ஒன்று குளியலறையில் ஒரு வாரம், மற்ற இரண்டும் வெளியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் உள்ளே, இரண்டு வாரம் வெளியே என்று வரும். ஸீஸீ, பாம்புச் செடி என்றால் இரண்டு சட்டி போதும். இரண்டு வாரம் உள்ளே, இரண்டு வாரம் வெளியே. பெரணியை இந்த முறையில் வளர்க்க வேண்டாம். அதன் இடம் பால்கனிதான்.

வெளியே என்றால் வெயில் அல்ல. பால்கனியின் நிழலான மூலை, துணி காயும் இடத்துக்குப் பின்புறம், சமையலறை ஜன்னலோரம் ஆகியவை பொருத்தம். இருட்டிலிருந்து வந்த இலையை நேரே வெயிலில் வைத்தால் அன்று மாலையே வெந்த தழும்பு விழும். அதேபோல, சுங்கை பூலோ செடிக் கடைகளில் வலைக்கூரையின்கீழ் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த செடியை வாங்கிய அன்றே குளியலறைக்குள் வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் வரவேற்பறையில் வைத்துப் பழக்கினால் இலை உதிர்வது குறையும்.

தண்ணீர்ச் சாடியில் ஏடிஸ்

குளியலறைக்கு எளிது என்று பலர் வைப்பது, கண்ணாடிச் சாடித் தண்ணீரில் நிற்கும் லக்கி பேம்பூவும் மணி பிளாண்ட்டும். மண் இல்லை, அழுகல் இல்லை. ஆனால் தேங்கிய தெளிந்த தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். 2001-இல் ஆசியாவிலிருந்து தண்ணீரில் நிற்கவைத்துக் கப்பலில் அனுப்பிய லக்கி பேம்பூவோடு ஏடிஸ் கொசு அமெரிக்காவின் கலிபோர்னியா வரை போய் இறங்கியது.

வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சாடியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே சாடியின் உட்புறத்தையும், உள்ளே போட்ட கற்களையும், வேரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதி. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் விதிக்கப்படலாம். டிங்கிச் சம்பவங்கள் அதிகம் பதிவாகும் சிலாங்கூரில் இருப்பவர்கள் அபராதத்தைவிடக் காய்ச்சலுக்கே அதிகம் பயப்பட வேண்டும். வாரந்தோறும் தேய்த்துக் கழுவ நேரம் இல்லை என்றால், தண்ணீர்ச் சாடியே வேண்டாம். மண் சட்டிக்கு மாறிவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், விளக்கு பொருத்த முடியாத வீட்டுக்கு ஏற்றது இரண்டு சட்டி ஸீஸீ, அல்லது இரண்டு சட்டி பாம்புச் செடி. மாற்றி வைக்கும் நாளைச் சமையலறை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டின் சாறும் வாயில் பட்டால் எரிச்சல் தரும் என்பதால், தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.